பீர் காய்ச்சும் தண்ணீர்: "கடினம்" என்ற ஒரே எண்ணை நம்பிக் கெடுப்பவர்கள்

செக் நாட்டின் பில்செனில் மென்னீர், அதனால் வெளிர் லாகர். டப்ளினில் கடின நீர், அதனால் கருப்பு ஸ்டவுட். இந்தக் கதை பாதிதான் உண்மை, அதை நம்பித்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

கடினம் என்று நாம் அளப்பது கால்சியமும் மெக்னீசியமும். ஆனால் முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது, அதாவது மேஷில், விளையாடுவது பைகார்பனேட். மேஷின் பி.எச். 5.2 முதல் 5.6 வரை இருந்தால் நல்லது. பைகார்பனேட் அமிலத்தைத் தின்று அதை மேலே தள்ளும். வெளிர் மால்ட்டில் அமிலம் குறைவு என்பதால் ஈடுகொடுக்க முடியாமல் பி.எச். 5.8-ஐத் தாண்டும், உமியின் துவர்ப்பு பீரில் இறங்கும், ஹாப்ஸின் கசப்பு கரகரக்கும், நிறமும் கருக்கும். கருக வறுத்த தானியத்துக்கு அமிலம் அதிகம், டப்ளின் நீரின் பைகார்பனேட்டை அதுவே அடக்கிவிடும். ஜோசப் கிரோல் 1842-இல் பில்செனில் தன் லாகரைக் காய்ச்சியபோது பி.எச். என்ற அளவே கிடையாது. 1909-இல்தான் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் அதைக் கொண்டுவந்தார். அதுவரை எல்லாம் நாக்கு சொன்ன கணக்கு.

கடினமே வில்லன் என்றால் இங்கிலாந்தின் பர்ட்டனில் பேல் ஏல் பிறந்திருக்கவே கூடாது, அந்த ஊர்த் தண்ணீர் அவ்வளவு கடினம். ஆனால் அங்கே ஜிப்சம் அதிகம், அதன் கால்சியம் மால்ட்டிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து அமிலத்தை விடுவித்துவிடுகிறது.

சரி, மோசமான தவறுக்கு வருவோம்: லாகர் காய்ச்ச வீட்டு வாட்டர் சாஃப்ட்னரை நம்புவது. லிட்டருக்கு 300 மி.கி. பைகார்பனேட் உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும், பைகார்பனேட் அப்படியே 300 இருக்கும். அதாவது உதவக்கூடியது போய், கெடுப்பது மட்டும் மிச்சம். இதற்குப் பதில் 2 லிட்டர் குழாய் நீரோடு 18 லிட்டர் ஆர்.ஓ. நீரைக் கலந்தால் பைகார்பனேட் 30-க்கு வந்துவிடும்; அப்புறம் 4 கிராம் கால்சியம் குளோரைடு போட்டால் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 55 மி.கி. கூடும். பில்செனில் அவ்வளவு கால்சியம் கிடையாதுதான், ஆனால் பி.எச். இறங்கவும் பீர் தெளியவும் அது உதவும், நான் போடுவேன்.

ஸ்டவுட்டில் தவறு நேர் எதிர்த்திசையில் நடக்கும். வெறும் ஆர்.ஓ. நீரில் கருப்புத் தானியத்தைக் கொட்டினால் பி.எச். 5.2-க்குக் கீழே விழும், பீர் மெலிந்து, வறுவல் சுவை புளிப்பாகக் குத்தும். உடனே "டப்ளின் நீர்" செய்கிறேன் என்று சுண்ணாம்புக்கல் பொடியைப் போடாதீர்கள், அது சரியாகக் கரையாமல் அடியில் தங்கும். 20 லிட்டருக்கு 1 கிராம் சமையல் சோடா போட்டால் பைகார்பனேட் லிட்டருக்குச் சுமார் 36 மி.கி. ஏறும், முதலில் அவ்வளவு போதும். அல்லது கருப்புத் தானியத்தை மேஷின் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் சேர்க்கலாம், எனக்கு இதுதான் பிடிக்கும். எதைச் செய்தாலும் மேஷ் மாதிரியை ஆறவைத்துத்தான் பி.எச். அளக்க வேண்டும், சூட்டில் மீட்டர் குறைத்துக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து கூடுதலாகச் சோடா போட்டவர்கள் உண்டு.