வர்ணனையை வெட்டும்போது எதை விட்டுவைக்கிறோம்?

புதிதாகக் கதை எழுதுகிறவர்களின் பிரதிகளைச் செப்பனிடும்போது, அலங்காரம் மிகுந்த வர்ணனையைக் குறைக்கும்படி ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புவது என் வழக்கம். திரும்பி வரும் பிரதி பெரும்பாலும் முன்னதைவிடச் சிறியதாகவும் முன்னதைவிட மோசமாகவும் இருக்கும். அலங்காரம் அப்படியே நிற்கும். காட்சி காணாமல் போயிருக்கும். நானும் தொடக்கத்தில் இதையே செய்தவன் என்பதால், அது எப்படி நேர்கிறது என்பது எனக்கு ஓரளவு புரியும். தேய்ந்துபோன தொடர்களை நீக்க வேண்டும் என்பதை எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீக்கத் தொடங்கிய பிறகு நேரும் தவறுகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

## பொருளை வெட்டிவிட்டு உணர்ச்சியை விட்டுவைப்பது

எனக்கு வந்த ஒரு கதையின் பத்தியை, எழுதியவரின் அனுமதியோடு, பாத்திரத்தின் பெயரை மட்டும் மாற்றித் தருகிறேன். மூடப்பட்ட அரிசி ஆலையின் சாவியை ஒப்படைப்பதற்காக, அங்கே நெடுங்காலம் கணக்கு எழுதிய முருகேசன் கடைசி முறையாக வருகிறார்.

> மேற்கு வானத்தில் மெல்ல மெல்ல உருகி வழிந்துகொண்டிருந்த அந்திச் சூரியனின் கடைசிக் கதிர்கள், காலத்தின் கொடூரக் கரங்களால் சிதைக்கப்பட்டு, தன் கடந்தகாலப் பெருமைகளை எண்ணி ஊமையாய் அழுதுகொண்டிருந்த அந்தப் பழைய அரிசி ஆலையின் மீது சோகமாகப் படர்ந்தன. எங்கும் மயான அமைதி. தொட்டியில் ஊறிய நெல்லின் புளித்த வாடை இன்னும் மிச்சமிருந்தது. களத்துச் சிமெண்ட் வெடிப்புகளில் சிந்திய நெல் முளைத்து விரல் உயரத்துக்கு நின்றது. இனம்புரியாத ஒரு பாரம் நெஞ்சை அழுத்த, கனத்த இதயத்தோடும் தளர்ந்த நடையோடும் முருகேசன் சாவிக்கொத்தை இறுகப் பற்றியபடி உள்ளே நுழைந்தார்.

குறைக்கச் சொன்ன பிறகு அவர் அனுப்பியது இது:

> அந்திச் சூரியனின் கதிர்கள் அந்தப் பழைய ஆலையின் மீது சோகமாகப் படர்ந்தன. எங்கும் மயான அமைதி. முருகேசன் கனத்த இதயத்தோடு உள்ளே நுழைந்தார்.

நீளம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டது. ஆனால் புளித்த வாடையும் முளைத்த நெல்லும் சாவிக்கொத்தும் போய்விட்டன. சோகமும் மயானமும் கனத்த இதயமும் தங்கிவிட்டன. எத்தனை பிரதிகளில் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். எழுதியவரின் கணக்கு தெளிவானது. நெல் முளைத்தது கதையின் நிகழ்ச்சிகளுக்குத் தேவையில்லை, ஆகவே அது அதிகப்படி. சோகம்தான் அந்தக் காட்சியின் நோக்கம், ஆகவே அது இருக்க வேண்டும். உண்மையில் அந்தச் சோகத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தவை அவர் எறிந்துவிட்ட பொருள்களே.

இதைப் பிரித்துப் பார்ப்பதற்குத் தொல்காப்பியத்தின் அகத்திணையியல் வகுக்கும் முப்பொருள் பாகுபாட்டைவிட வசதியான கருவி எனக்குக் கிடைத்ததில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் மரம், பறவை, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். அகப்பாட்டுக்கு வகுத்ததை உரைநடைக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், பிரதியைத் திருத்தும் மேசையில் அது நன்றாகவே உதவுகிறது. பத்தியை அச்செடுத்து வைத்துக்கொண்டு, இடத்தையும் நேரத்தையும் சொல்லும் சொற்களின் கீழ் ஒரு நிறத்திலும், கண்ணால் காணவும் மூக்கால் முகரவும் கையால் தொடவும் கூடிய பொருள்களின் கீழ் இன்னொரு நிறத்திலும், உணர்ச்சியை நேராகப் பெயரிட்டுச் சொல்லும் சொற்களின் கீழ் மூன்றாம் நிறத்திலும் கோடிடுங்கள். முதலில் வெட்ட வேண்டியது மூன்றாம் நிறத்தை. அடுத்து முதல் நிறத்தைச் சுருக்க வேண்டும். மாலை என்று தெரிந்தால் போதும், சூரியன் உருக வேண்டியதில்லை. இரண்டாம் நிறத்தில் கை வைப்பது கடைசியில்தான்.

சரியான இடத்தில் வெட்டினோமா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெட்டி எஞ்சிய பத்தியில் இடத்தின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள். மேலே உள்ள சுருக்கத்தில் "ஆலை" என்பதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடம், கோயில், திரையரங்கு என எதை வைத்தாலும் ஒரு சொல்லும் இடறாது. அப்படி இடறாமல் போனால் அங்கே சூழல் என்று எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள்.

அவரும் நானும் உட்கார்ந்து செய்த திருத்தம் இப்படி அமைந்தது:

> முருகேசன் ஆலையின் கேட்டைத் திறந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. ஊறிய நெல்லின் புளித்த வாடை இன்னும் இருந்தது. களத்துச் சிமெண்ட் வெடிப்புகளில் சிந்திய நெல் முளைத்து விரல் உயரத்துக்கு நின்றது. அவர் அதை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்.

கடைசி வாக்கியம் புதிதாகச் சேர்த்தது. வர்ணனையைக் குறைப்பது என்றால் எதையும் சேர்க்கக் கூடாது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். எடுத்துவிட்ட மூன்று உணர்ச்சித் தொடர்களுக்கு ஈடாக ஒரு சிறு செய்கையை வைப்பது மலிவான பேரம். பொருளையும் மாந்தரையும் ஒரு செய்கையால் இணைத்துவிட்டால், கனத்த இதயத்தைப் பற்றி நாம் வாய் திறக்க வேண்டியதில்லை.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆலையில் வேலை பார்த்த ஒருவர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, களத்தில் காய்வது அவித்த நெல் ஆயிற்றே, அவித்த நெல் எப்படி முளைக்கும் என்று கேட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. புழுங்கலரிசிக்கு நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, அதன் பிறகே களத்தில் பரப்புவார்கள். அவிக்கும் சூட்டில் முளைக்கும் திறன் போய்விடும். அவிக்காத நெல் முளைத்ததாகக் காட்ட வேண்டுமானால், லாரியிலிருந்து மூட்டை இறக்கும் இடத்தில், எடைமேடைக்கு அருகே சிந்தியதாகத்தான் சொல்ல வேண்டும். ஆகவே அந்த வரி "எடைமேடை ஓரத்தில் சிந்திய நெல் முளைத்து" என்று மாறியது. அலங்காரம் அடர்ந்திருந்தவரை இந்தப் பிழை எவர் கண்ணிலும் படவில்லை. வெட்டி எஞ்சுகிற பொருள்மேல் வெளிச்சம் முழுவதும் விழும் என்பதால், அது உண்மையானதா என்று தொழில் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது இந்தக் கட்டத்தில் கட்டாயம்.

உணர்ச்சியைப் பெயரிட்டுச் சொல்லவே கூடாதா என்று கேட்பார்கள். காட்சியிலிருந்து வாசகர் ஊகிக்க முடியாத உணர்ச்சி என்றால் சொல்லத்தான் வேண்டும். மூடிய ஆலையைப் பார்த்து முருகேசனுக்கு நிம்மதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வாடையும் நெல்லும் தெரிவிக்காது. "அவருக்கு நிம்மதியாக இருந்தது" என்று அடைமொழி இல்லாமல் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்.

## எச்சத் தொடரை உடைக்காமல் சொற்களை மட்டும் குறைப்பது

தமிழில் பெயருக்கு முன்னால் எத்தனை எச்சங்களை வேண்டுமானாலும் அடுக்க முடியும். அந்த வசதிதான் வர்ணனையைக் கெடுக்கிறது. "கூரைத் தகடு பெயர்ந்து, புகைபோக்கி சாய்ந்து, கேட்டில் கொடி படர்ந்து கிடந்த, ஊரின் நெல் முழுவதையும் ஒரு காலத்தில் அரைத்துத் தந்த அந்த ஆலை" என்பதில் ஒரு மிகையலங்காரமும் இல்லை. இருந்தும் "ஆலை" என்ற சொல் வரும்வரை வாசகர் எல்லாவற்றையும் கையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. இதில் ஓரிரு சொற்களைக் குறைப்பதால் பயனில்லை. பெயரை முன்னுக்குக் கொண்டுவந்து தொடரை உடைக்க வேண்டும்.

உடைக்கும்போது வேறொரு தொல்லை முளைக்கும். "கூரைத் தகடுகள் பெயர்ந்திருந்தன. புகைபோக்கி சாய்ந்திருந்தது. கேட்டில் கொடி படர்ந்திருந்தது" என்று எழுதினால், ஒரே முடிவு திரும்பத் திரும்ப வந்து, ஜப்திக்கு வந்த அலுவலர் எழுதிய பட்டியல்போல ஆகிவிடும். மூன்றில் ஒன்றை மாந்தரின் செய்கைக்குள் கொண்டுபோய்விட்டால் இது தீரும்: "ஆலையின் புகைபோக்கி சாய்ந்திருப்பது சாலையிலிருந்தே தெரிந்தது. கேட்டில் படர்ந்த கொடியை அறுத்த பிறகுதான் முருகேசனால் உள்ளே போக முடிந்தது." கூரைத் தகட்டை நான் விட்டுவிட்டேன். இரண்டு விவரம் இடத்தை நிறுத்திவிட்டால் மூன்றாவது, எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், காத்திருக்கலாம்.

## "ஏதோ", "ஒருவித", "இனம்புரியாத"

நீக்கிவிடுங்கள்.

## அடைமொழி எல்லாவற்றையும் ஒழிப்பது

அடைமொழியே கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, "புளித்த வாடை" என்பதை "வாடை" ஆக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய அடைமொழியைத் தொடக் கூடாது. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர், தலைவன் யாரும் அறியாமல் தன்னைக் கூடியபோது அங்கே சாட்சியாக நின்றது ஒரு குருகு மட்டுமே என்று தலைவியைச் சொல்ல வைக்கிறார். பாட்டு மொத்தமே ஐந்தடி. அதற்குள் ஓர் அடி முழுவதையும் அந்தக் குருகின் கால்களுக்குக் கொடுக்கிறார். அவை தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்கள். அடுத்த அடியில் அது ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கிறது. சாட்சி சொல்ல வேண்டிய ஒரே உயிரின் கவனம் மீன்மேல் இருக்கிறது. அந்த அடைமொழியை எடுத்துவிட்டால், அவள் அன்று அதை எவ்வளவு நேரம் பார்த்திருப்பாள் என்பதும் போய்விடும்.

"புளித்த" என்பதை எடுத்தால் ஆலை போகிறது. "கொடூர" என்பதை எடுத்தால் ஒன்றும் போகவில்லை. அடைமொழி ஒவ்வொன்றையும் இப்படித் தனியாக எடுத்துப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

## உவமைகள்

ஒரு காட்சிக்கு இரண்டு இருந்தால், பலம் குறைந்ததை எடுத்துவிடுங்கள்.

## எல்லாப் பத்தியையும் ஒரே அளவாகக் குறைப்பது

வர்ணனையின் நீளம், பாத்திரம் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வாசகருக்குச் சொல்கிறது. முருகேசன் கேட்டிலிருந்து அலுவலக அறைக்கு நடக்கும்போது ஒரு வரி போதும். தான் கணக்கு எழுதிய மேசையின் முன் அவர் நின்றுவிட்டால், பத்தியும் அவரோடு நிற்கலாம். மேசையின் விளிம்பு தேய்ந்த இடம், இழுப்பறையில் கிடக்கும் துருப்பிடித்த குண்டூசிகள், சுவரில் நாள்காட்டி தொங்கிய தடம் என மூன்று நான்கு பொருள்களைத் தாங்கும் இடம் அது. பிரதி முழுவதையும் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று சீராக வெட்டிக்கொண்டே போனால், அவர் நடப்பதும் நிற்பதும் ஒரே வேகத்தில் நிகழும். வெட்டுவதற்கு முன், கதையில் மாந்தர் உண்மையிலேயே நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை விட்டுவிட்டு மற்ற இடங்களில் தொடங்குங்கள்.

## திரும்ப வரும் இடத்தைத் திரும்ப வர்ணிப்பது

ஒரு முறை நிறுத்திய ஆலையை, அடுத்த அத்தியாயத்தில் அது வரும்போது மறுபடியும் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முன்பு சொன்ன விவரங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, அதில் நேர்ந்த மாற்றத்தைச் சொன்னால் போதும்: எடைமேடை ஓரத்து நெற்பயிரை யாருடைய ஆடோ மேய்ந்துவிட்டது என்ற ஒரு வரியில், ஆலையும் கடந்துபோன நாள்களும் ஆலையின் கேட் இப்போது திறந்து கிடப்பதும் சேர்ந்தே வந்துவிடும். நாவல் எழுதுபவர்கள் இதற்காகவே ஒவ்வோர் இடத்துக்கும் தாம் பயன்படுத்திய பொருள்களைத் தனித் தாளில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரே வாடை ஐந்து அத்தியாயங்களில் அதே சொற்களில் வருவதை அந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும்.