நாம வேலைக்குப் போனப்புறம் பூனை என்ன பண்ணுது? ஏக்கமான்னு கண்டுபிடிக்கிற வழி

நாங்க டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கோம். காலைல ஆறரைக்கு ரெண்டு பேரும் கிளம்பினா திரும்பி வர சாயங்காலம் ஆறு ஆகிடும், அதுவரைக்கும் எங்க பூனை கருப்பன் தனியாதான். திடீர்னு நான் படுக்கிற பக்கமா பார்த்து பெட்ஷீட்ல மூத்திரம் போக ஆரம்பிச்சான், லிட்டர் பாக்ஸ் சுத்தமா இருந்தும். பழிவாங்குறான்னு நினைச்சு திட்டிட்டேன், பாவம். தனிமைல பயந்த பூனை நம்ம வாசனை அதிகமா இருக்கிற இடத்தைத்தான் தேடிப் போகும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

ஸ்டெப் 1: முதல்ல வெட்கிட்ட காட்டுங்க. மூத்திரப்பை நோய்க்கும் இதே அறிகுறிதான். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டுகூட வரலன்னா அது அடைப்பு, விடியட்டும்னு காத்திருக்காம உடனே தூக்கிட்டு ஓடுங்க, உயிர் போயிடும்.

ஸ்டெப் 2: வெட் நோய் இல்லன்னு சொன்னதும் வீடியோ எடுங்க. பழைய மொபைலை சார்ஜர்ல போட்டு வாசக்கதவும் சாப்பாட்டு தட்டும் தெரியுற மாதிரி அலமாரில சாய்ச்சு வைங்க, கரண்ட் போனா வைஃபையும் போயிடும், அதனால மொபைல்லயே பதிவாகட்டும். கிளம்புறப்போ அதுக்கு ரொம்பப் பிடிச்சதா கொஞ்சம் தட்டுல வைங்க, நாங்க டூனா வச்சோம். லீவு நாள்லயும் ஒரு தடவை எடுங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும்.

ஸ்டெப் 3: முதல் அரைமணி நேரத்தை உன்னிப்பா பாருங்க. சலிப்புல இருக்கிற பூனை சாப்பிடும், தூங்கும், எழுந்து எதையாவது தட்டி விடும். கருப்பன் கதவு மூடின உடனே அங்கேயே உட்கார்ந்து அடித்தொண்டைல இருந்து நீளமா கத்துறான், எழுந்து ஜன்னலுக்குப் போறான், மறுபடி கதவுக்கே வர்றான், டூனாவைத் திரும்பிக்கூட பார்க்கல. நாங்க வந்தப்புறம்தான் அதைச் சாப்பிட்டான். லீவு நாள்ல இதுல ஒன்னுகூட இல்ல. நாம இல்லாதப்போ மட்டும் நடக்குதுன்னா ஏக்கம்னு சந்தேகப்படலாம். வயித்துல முடி கொட்டுற அளவுக்கு நக்கிட்டே இருந்தாலும் கவனிங்க, அதுக்குத் தோல் நோயும் காரணமா இருக்கலாம்.

ஸ்டெப் 4: அடிக்காதீங்க, திட்டாதீங்க, பயம்தான் கூடும். மூத்திரம் பட்ட இடத்தை என்சைம் கிளீனரால துடைங்க, அமோனியா கலந்தது வேண்டாம், அதோட வாடையே அவனை மறுபடி அங்க இழுக்கும். சாவி சத்தம் கேட்டாலே கருப்பன் பதறுவான்னு, சாயங்காலத்துல சாவியை எடுத்து ஆட்டிட்டு எங்கேயும் போகாம சோஃபால உட்கார்ந்துட்டேன், தினமும் பத்து தடவை. அவன் கண்டுக்காம விட்டதும் கதவை மூடி வெளிய ஒரு நிமிஷம், அப்புறம் மூனு, அஞ்சுன்னு கூட்டினோம், கத்தினா பழைய நேரத்துக்கே இறங்கிடணும். காலைல பத்து நிமிஷம் இறகுக்குச்சி வச்சு ஓடவிட்டு அப்புறம் சாப்பாடு, மதியம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து கொஞ்சநேரம் உட்கார்ந்துட்டுப் போவாங்க. துணைக்குன்னு உடனே இன்னொரு பூனை வாங்காதீங்க, அவனுக்கு வேண்டியது நாம, புதுசா வர்றதோட சண்டை வந்தா பயம் இன்னும் கூடும்.

ஆறு வாரம் கழிச்சு எடுத்த வீடியோல ரெண்டு தடவை கத்திட்டு தட்டுக்கு வந்துட்டான். உங்க பூனை அப்பவும் சாப்பிடலன்னா அந்த வீடியோவையே வெட்கிட்ட காட்டுங்க, மருந்து தேவையான்னு அவங்க பார்த்துச் சொல்லட்டும், நம்ம மாத்திரை எதையும் குடுத்துடாதீங்க.