இடிக்கச் சொல்லித் தொலைபேசி வந்தால்: புதிய பஞ்சாயத்துச் செயலருக்கு ஒரு செய்முறைக் குறிப்பு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு பஞ்சாயத்துக்கு நீங்கள் செயலராக வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை பத்தரை மணிக்கு வார்டு மெம்பரிடமிருந்து அழைப்பு வருகிறது: "சார், அந்தச் சாலையோரத்தில் பெர்மிட் இல்லாமல் கடை கட்டுகிறார்கள். தலைவரும் சொல்லிவிட்டார். இன்றைக்கே ஆளை அனுப்பி இடித்துவிடுங்கள்."

புகார் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இன்றைக்கே இடிக்க முடியாது. ஏன் முடியாது, என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், அதிகாரம் யாருடையது என்று பாருங்கள். அனுமதியில்லாக் கட்டடத்தை அகற்றச் சொல்லும் அதிகாரத்தை 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 235 டபிள்யூ பிரிவு செயலருக்குத் தருகிறது. மெம்பருக்குப் புகார் சொல்ல உரிமை உண்டு, ஆணையிட இல்லை. உங்கள் அதிகாரத்தை நீங்களே யோசித்துப் பயன்படுத்த வேண்டும். பம்பாயில் திரையரங்கு கட்டக் கொடுத்த அனுமதியைக் காவல் ஆணையர் அரசு சொன்னதற்காக ரத்து செய்தார். முடிவு ஆணையருடையது அல்ல என்று சொல்லி அந்த ரத்து செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு 1951இல் வந்தது. 'மேலிடம் சொன்னது' என்று கோப்பில் எழுதும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

அடுத்து, அந்தத் தொலைபேசி அழைப்பைக் கோப்புக்குள் கொண்டுவாருங்கள். தேதி, நேரம், அழைத்தவர், சொன்ன செய்தி ஆகியவற்றைக் குறிப்புப் பக்கத்தில் நான்கு வரியில் எழுதுங்கள். பிறகு மெம்பரிடம் பணிவாக, "மெம்பர், இதை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், உடனே பார்க்கிறேன்" என்று கேளுங்கள். சிலர் எழுதித் தருவார்கள். சிலர் அதற்குப் பிறகு கூப்பிடவே மாட்டார்கள். வாய்மொழி உத்தரவை நம்பி அதிகாரிகள் செயல்படக் கூடாது, அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் துணை.

பிறகு ஓவர்சியரோடு நேரில் போய்ப் பாருங்கள். சர்வே எண், கட்டடத்தின் நீள அகலம், எந்த நிலை வரை வேலை முடிந்திருக்கிறது என்பவற்றை அங்கேயே எழுதி, புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் திரும்பியதும் பெர்மிட் பதிவேட்டைப் பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர் வந்து "அது என் நிலம்" என்று சொன்னால் கவனம். நிலம் யாருடையது என்று தீர்ப்பது சிவில் நீதிமன்றத்தின் வேலை. உங்கள் கேள்வி ஒன்றே: பெர்மிட் இருக்கிறதா, கட்டடம் அதன்படி இருக்கிறதா? ஆணையில் உடைமை பற்றி ஒரு வரி எழுதினாலும் அதிகார எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

இனி எழுத வேண்டியவை இரண்டு ஆணைகள். முதலாவது தற்காலிக ஆணை. அதோடு, அதை ஏன் உறுதிப்படுத்தக் கூடாது என்று விளக்கம் கேட்கும் நோட்டீஸும் போக வேண்டும். பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்கள். ஒரு நாள் அவகாசம் அவகாசமே அல்ல. உரிமையாளர் தமிழ் மட்டும் படிப்பவரானால் தமிழிலும் கொடுங்கள், "எனக்குப் புரியவில்லை" என்ற வாதத்துக்கு இடம் இருக்காது.

பதில் வந்தபின் எழுதும் இறுதி ஆணையில்தான் பலர் தவறுகிறார்கள். "விளக்கம் திருப்திகரமாக இல்லை, எனவே ஆணை உறுதி செய்யப்படுகிறது" என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிறகு வழக்கு வந்தால், விட்டுப்போன காரணங்களையெல்லாம் பிரமாணப் பத்திரத்தில் எழுதிச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அது நடக்காது. ஆணையில் சொன்ன காரணங்களை வைத்தே ஆணையை எடைபோட வேண்டும், பின்னால் புதுக் காரணம் சேர்க்கக் கூடாது என்பது மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977 டிசம்பரில் வந்த தீர்ப்பு.

ஆகவே இப்படி எழுதுங்கள்: "பழைய கடையைப் பழுதுபார்த்ததாக மட்டும் உரிமையாளர் சொல்கிறார். நேரில் பார்த்தபோது புதிய அடித்தளமும் நான்கு தூண்களும் இருந்தன. புகைப்படங்கள் கோப்பில் உள்ளன. பெர்மிட் பதிவேட்டில் இந்தச் சர்வே எண்ணுக்குப் பதிவு இல்லை. எனவே இது பழுதுபார்ப்பு என்பதை ஏற்க இயலவில்லை." அவர் சொன்னது, நீங்கள் பார்த்தது, ஏன் ஏற்கவில்லை என்பது, மூன்றும் இதில் வந்துவிட்டன. கையொப்பம், தேதி, சட்டப் பிரிவு, மேல்முறையீடு செய்யலாம் என்ற குறிப்பு ஆகியவையும் விடுபடக் கூடாது.

ஆணையை நேரில் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சாட்சிகள் முன்னிலையில் கட்டடத்தில் ஒட்டி, அதற்கு மகஜர் எழுதிக் கோப்பில் சேருங்கள். உள்ளாட்சித் தீர்ப்பாயம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது; எல்லையிலிருந்து அங்கே போய் மேல்முறையீடு செய்ய நாளாகும். மேல்முறையீட்டுக்கான காலம் முடியும்வரை மெம்பர் எத்தனை முறை கூப்பிட்டாலும் ஜேசிபியை அனுப்பாதீர்கள்.