தொகுப்பு நூலுக்குப் பதிப்பாசிரியர் முன்னுரை எழுதும் முறை: தாமிரபரணிக் கட்டுரைகளை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

பாளையங்கோட்டையில் ஒரு கருத்தரங்கு முடிந்து, அதில் வாசிக்கப்பட்ட கட்டுரைகளை நூலாக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தவை ஆறு கட்டுரைகள்: சேரன்மகாதேவிக் கல்வெட்டுகளில் நிலமும் நீரும், கொற்கைத் துறைமுகம், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, பாளையங்கால்வாய்க் குளங்கள், தேரிக்காட்டுப் பனைத்தொழில், தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு எடுக்கப்படும் ஆற்றுநீர். இந்தத் தொகுப்பும் இதில் வரும் கட்டுரைகளின் முடிவுகளும் விளக்கத்துக்காக நான் கற்பித்துக்கொண்டவை. ஊர்களும் ஆறும் மெய்யானவை. கருத்தரங்கு நடந்த கதை, உதவியவர்களுக்கு நன்றி ஆகியவற்றை முதலிலேயே தனி நன்றியுரைக்கு ஒதுக்கிவிடுங்கள். அவை முன்னுரைக்குள் புகுந்தால் வாதம் மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கும்.

முதல் படி: ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வாக்கியம்

கட்டுரைகளின் இறுதி வடிவம் வந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ஆய்வு முடிவதற்கு முன்பே எழுதப்பட்டது. கட்டுரையின் முடிவுப் பகுதியையும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட பகுதியையும் படித்து, "இக்கட்டுரை … என்று நிறுவுகிறது" என்ற அமைப்பில் ஒரு வாக்கியத்தை அட்டையில் எழுதுங்கள். "இக்கட்டுரை பாளையங்கால்வாயைப் பற்றியது" என்பது பொருளைச் சொல்லுகிறதே தவிர முடிவைச் சொல்லவில்லை. "வறண்ட ஆண்டுகளில் கடைமடைக் குளங்களுக்கு நீர் வராமற்போனதற்கு ஆற்றில் நீர் குறைந்ததைவிட மேல்மடைகள் அடைக்கப்படாததே பெரிய காரணம் என்று இக்கட்டுரை நிறுவுகிறது" என்பது முடிவு. ஒரு கட்டுரைக்கு இப்படி வாக்கியம் அமையவில்லையென்றால், குறை கட்டுரையில் இருக்கக்கூடும். முன்னுரையில் அதை மூடி மறைப்பதைவிட ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

இரண்டாம் படி: எல்லாக் கட்டுரைகளும் விடை சொல்லும் கேள்வி

ஆறு அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். ஆறும் தாமிரபரணியைத் தொடுகின்றன என்பது ஒற்றுமை மட்டுமே, வாதமாகாது. இந்த அட்டைகள் எந்தக் கேள்விக்கு விடையாக முடியும் என்று பாருங்கள். நம் தொகுப்பில் அந்தக் கேள்வி, "ஆற்றுநீர் யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானித்தது எது?" என்பது. கல்வெட்டு, குளம், அணைக்கட்டு, தொழிற்சாலை ஆகிய நான்கு கட்டுரைகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன: மடையைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரம் பெற்றவர் யாரோ அவரே பங்கைத் தீர்மானித்தார்.

புதியவர்கள் இந்த இடத்தில் நிறைவடைந்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் இரண்டு அட்டைகள் இன்னும் வெளியே கிடக்கின்றன. வாய்க்கால் எட்டாத செம்மணல் தேரியில் பனையேறி வாழ்ந்தவர்களுக்கு மடை என்ற பேச்சே இல்லை. கொற்கையிலோ, ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து கடல் விலகிப்போக, பழைய துறைமுகம் இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஊராக நிற்கிறது; அதை எந்த அதிகாரத்தாலும் நிறுத்த முடியவில்லை. "இவற்றோடு கொற்கை பற்றிய அரிய கட்டுரையும் இடம்பெறுகிறது" என்று எழுதி இவற்றை ஒட்டவைப்பதே முன்னுரைகளில் அடிக்கடி காணும் பிழை. வாசகர் அந்த வரியைப் படித்ததுமே வாதம் அங்கே அறுந்துவிட்டதை உணர்வார்.

பொருந்தாத கட்டுரைகளுக்கு இடங்கொடுக்கும்படி வாதத்தையே திருத்த வேண்டும். இப்போது அது இப்படி ஆகிறது: "வாய்க்கால் எட்டும் நிலத்தில் நீரின் பங்கை மடை அதிகாரமே தீர்மானித்தது, வாய்க்காலின் எல்லை யார் அந்தப் பங்கில் சேர்க்கப்படவேயில்லை என்பதைத் தீர்மானித்தது, ஆற்றின் போக்கோ இவ்விரண்டையும் மீறக்கூடியதாக இருந்தது." முதல் வாக்கியத்தைவிட இது நீண்டது, ஆனால் ஆறு கட்டுரைகளையும் தாங்குகிறது. அதோடு, மறுக்கத்தக்கதாகவும் இருக்கிறது. "தாமிரபரணி நெல்லைச் சீமையின் உயிர்நாடி" என்பதை எவரும் மறுக்கப்போவதில்லை. எவரும் மறுக்காத ஒன்றை நிறுவ ஆறு கட்டுரைகள் தேவையில்லை.

மூன்றாம் படி: வரிசை

காலவரிசை எளிதில் கைக்கு வரும்: கொற்கை முதலில், தொழிற்சாலை கடைசியில். இந்தத் தொகுப்புக்கு அது ஒத்துவராது. வாதத்துக்கு வரம்பு கட்டும் கொற்கைக் கட்டுரை, வாதமே தொடங்காத நிலையில் முன்னால் வந்து நின்றுவிடும். பாளையங்கால்வாய்க் கட்டுரையை முதலில் வையுங்கள். மடை எப்படி இயங்குகிறது என்பதை வாசகர் அதில்தான் அருகிலிருந்து பார்க்கிறார். அடுத்து, அந்த உரிமை எழுத்தில் பதிவான பழைய வடிவத்தைக் காட்டும் கல்வெட்டுக் கட்டுரை. பிறகு ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானதும், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்ததுமான ஸ்ரீவைகுண்டம். பின்னர் அதே இடத்திலிருந்து ஆலைகளுக்குப் போகும் நீர். தேரி ஐந்தாவது, கொற்கை ஆறாவது. வரிசை சரியா என்பதை அறிய, அடுத்தடுத்த இரண்டு கட்டுரைகளை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் முன்னுரையில் ஒரு வாக்கியமும் கெடவில்லையென்றால், நீங்கள் எழுதியது இன்னும் பட்டியல்தான்.

நான்காம் படி: கட்டுரைக்கு ஒரு பத்தி

ஒவ்வொரு பத்தியும் கட்டுரையின் முடிவு, அதற்கான சான்றின் தன்மை, அது அடுத்த கட்டுரைக்கு விட்டுச்செல்லும் கேள்வி ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். முதலில் ஒரு பலவீனமான பத்தி:

"ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பற்றிய கட்டுரை அதன் வரலாற்றை விரிவாக ஆராய்கிறது. பல அரிய ஆவணங்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன."

ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் இது எந்த அணைக்கும் பொருந்தும். திருத்திய வடிவம் இது:

"கல்வெட்டுகளில் ஊர்ச்சபையிடம் இருந்த மடையுரிமை பிற்காலத்தில் யாரிடம் சென்றது என்ற கேள்வியை அணைக்கட்டுக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வருவாய்த்துறைக் கடிதங்களைக் கொண்டு, அணை கட்டப்பட்ட பின் நீர்ப்பங்கு பற்றிய தீர்ப்பு ஊரிடமிருந்து அலுவலரிடம் மாறியதை அது காட்டுகிறது. ஆனால் அக்கடிதங்கள் அலுவலரின் பார்வையில் எழுதப்பட்டவை. அங்கே ஒருமுறை அரசுக்குச் சென்ற அதிகாரம் வயலுக்கு வெளியே எவ்வளவு தூரம் நீளும் என்பதை அடுத்த கட்டுரை பேசுகிறது."

முதல் வாக்கியம் முந்தைய கட்டுரையிலிருந்து கேள்வியைப் பெறுகிறது, கடைசி வாக்கியம் அதை அடுத்ததிடம் ஒப்படைக்கிறது. "மேலும்", "அடுத்ததாக" போன்ற சொற்கள் பத்தியின் தொடக்கத்தில் வந்தால், அங்கே இந்த இணைப்பு இல்லை என்று கொள்ளலாம். எல்லாப் பத்திகளும் ஒரே நீளத்தில் இருக்கவேண்டியதில்லை. வாதம் திரும்பும் தேரிக் கட்டுரைக்கு இரண்டு பத்திகள் தரலாம். அதனால் பிற ஆசிரியர்கள் மனத்தாங்கல் கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். இந்த அளவுள்ள நூலின் முன்னுரைக்கு மூவாயிரம் சொற்களை ஒட்டிய நீளம் போதும் என்பது என் கணிப்பு.

ஐந்தாம் படி: ஆசிரியர்களிடம் காட்டுதல்

ஒரே வாதமாகக் கோக்கும்போது, கட்டுரையாளர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதிவிடும் ஆபத்து உண்டு. கல்வெட்டுக் கட்டுரையாளர் "இரண்டு கல்வெட்டுகளில் ஊர்ச்சபை குறிப்பிடப்படுகிறது" என்று மட்டும் எழுதியிருக்க, உங்கள் முன்னுரை "மடையுரிமை ஊர்ச்சபையிடம் இருந்தது" என்று பொதுவாக்கிவிடலாம். ஆகவே தத்தம் பத்தியை மட்டுமல்லாமல் முன்னுரை முழுவதையும் அனைவருக்கும் அனுப்பி, தம் முடிவு மிகைப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தொகுப்பின் பொது வாதத்தோடு ஒருவர் உடன்படவில்லையென்றால் அவருடைய கட்டுரையைத் திருத்தச் சொல்லக்கூடாது. அந்த மாறுபாட்டை முன்னுரையிலேயே, அவர் பெயரோடு, அவர் ஒப்பும் சொற்களில் பதிவுசெய்யுங்கள். இந்தத் திருத்தங்கள் முடிந்த பிறகே முன்னுரையின் தலைப்பை முடிவுசெய்து அச்சுக்கு அனுப்புங்கள்.