முதலாளி போடும் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் விடுபவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் பட்டர்வொர்த்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி மகள் சாப்பாட்டு மேசையில் இரண்டு கடிதங்களை விரித்து வைத்தாள். ஒன்று பிறையில் ஒரு தொழிற்சாலை தரும் வேலை: மாதம் 3,000 வெள்ளி, ஊழியர் சேமநிதி உண்டு. மற்றொன்று ஒரு சிறிய நிறுவனம்: மாதம் 3,200 வெள்ளி, பிடித்தம் எதுவும் இல்லை, முழுதும் கையில்.

"பெரியப்பா, 3,000 சொல்கிறார்கள். ஆனால் சேமநிதிக்கு 330 பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 2,670தான். இங்கே 3,200 முழுசாக வருகிறது. 530 வெள்ளி வித்தியாசம்!" என்றாள்.

நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பிடித்தம் கண்ணுக்குத் தெரிகிறது. முதலாளி தன் பையிலிருந்து போடுவது சம்பளத்தில் சேர்ந்து வராததால் மனக்கணக்கில் ஏறுவதில்லை. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் ஊழியருக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. அதாவது அவள் 330 போடும்போது முதலாளி 390 போடுகிறார். சம்பளம் 5,000ஐத் தாண்டினால் முதலாளி பங்கு 12 விழுக்காடு. அவள் சம்பளத்துக்கு 13தான்.

ஆக, முதல் வேலையின் உண்மையான மதிப்பு 3,390 வெள்ளி. இரண்டாவது வேலையின் மதிப்பு 3,200. அதில் அவள் ஒழுங்காக மாதம் 330ஐ வங்கியில் போட்டாலும், தொழிற்சாலை வேலையை விட 200 வெள்ளிதான் கூடுதலாகக் கையில் மிஞ்சும். அந்த 200க்காக அவள் கைவிடுவது 390. சொக்சோவையும் மற்றப் பிடித்தங்களையும் இங்கே ஒதுக்கிவிட்டேன்; அவை சிறியவை. ஆனால் சட்டப்படி சேமநிதி கட்ட வேண்டிய முதலாளி கட்டாமல் இருப்பது குற்றம் என்பதையும், தன் பங்கை ஊழியர் சம்பளத்தில் கழித்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை என்பதையும் அவளிடம் சொன்னேன்.

பத்து ஆண்டுக்கு நீட்டிப் பார்த்தோம். இரு பக்கமும் ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ச்சி என்று வைத்துக்கொண்டோம். (சேமநிதி 2023க்கு 5.50, 2024க்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு அறிவித்தது. ஆண்டுதோறும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது, அதனால் 5.) மாதம் 720 வெள்ளி சேர்ந்தால் சுமார் 1,11,800 வெள்ளி. இரண்டாவது வேலையில் 330ஐயும், மிஞ்சிய 200ஐயும் ஒரு காசு குறையாமல் சேமித்தாலும் 82,300. அந்த 200 செலவாகிவிட்டால் 51,200. அவள் அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிர்த்திசையில் நடக்கிறது. "330க்கு 390 தருகிறார்கள் என்றால் 118 விழுக்காடு இலாபம், வேறு எந்த முதலீடும் வேண்டாம்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். 118 விழுக்காடு உண்மைதான், ஆனால் அது ஒரே ஒரு முறை கிடைப்பது. ஆண்டுதோறும் கிடைப்பதில்லை. இன்று அவள் போடும் 330 உடனே 720 ஆகிறது; அதற்குப் பிறகு வெறும் 5 விழுக்காட்டில்தான் வளர்கிறது. அந்தப் பணம் ஓராண்டு இருந்தால் 756 ஆகும். அவள் சொந்தக் காசான 330ஐ வைத்துப் பார்த்தால் அந்த ஆண்டின் வருவாய் 129 விழுக்காடு. பத்து ஆண்டு இருந்தால் ஆண்டுச் சராசரி சுமார் 13.5 விழுக்காடாகிவிடும். முப்பது ஆண்டில் 7.8. முதலாளி கொடுத்த 390 குறையவில்லை. அதே உந்துதல் முப்பது ஆண்டின் மேல் பரவும்போது ஆண்டுக்கு மெல்லியதாகிறது, அவ்வளவுதான்.

இதனால் சிலர் "அப்படியானால் இளவயதில் போடுவது வீண்" என்று முடிவுகட்டுகிறார்கள். முப்பது ஆண்டு இருந்த அந்த 720, ஏறத்தாழ 3,110 வெள்ளி ஆகிறது. முதலாளி பங்கு இல்லாத 330, 1,426 ஆகிறது. விழுக்காடு சிறுத்தாலும் வெள்ளிக் கணக்கில் இடைவெளி விரிகிறது. எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

மூன்றாவது, கூடப் போட்டால் கூடக் கிடைக்கும் என்ற நம்பிக்கை. அவள் தன் பங்கை 11லிருந்து 15 விழுக்காடாக உயர்த்தினால் மாதம் 450 போடுவாள். முதலாளி தாமாக உயர்த்தினால் ஒழிய, அவர் போடுவது அதே 390. கூடுதலான 120க்கு இலாப ஈவு மட்டுமே கிடைக்கும். அது கெட்ட முடிவு என்று சொல்லவில்லை, ஆனால் அந்த 120ஐ "முதலாளி பங்கோடு வரும் பணம்" என்று எண்ணி மற்றச் சேமிப்புகளோடு ஒப்பிடக் கூடாது.

உச்சவரம்பு உள்ள இடங்களில் இந்தத் தவறு இன்னும் கூர்மையாகத் தெரியும். சொந்தக் கடை போன்று சொந்தமாக வேலை செய்பவர்களுக்கு ஐ-சாரான் திட்டத்தில் 2025 முதல் அரசு 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 வெள்ளி. 2,500 வெள்ளி போட்டால் அந்த 500 முழுதும் வந்துவிடும். 5,000 போட்டாலும் 500தான்.

நான்காவது, எதன் மேல் கணக்கிடுகிறார்கள் என்று பார்க்காதது. ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி கிடையாது. அடிப்படை 1,700, ஓவர்டைம் 700 என்று 2,400 வாங்குபவருக்கு முதலாளி பங்கு 221 வெள்ளிதான். 2,400ம் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் 312. வேலைக்குச் சேரும்போதே அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு சேமநிதியின் KWSP i-Akaun செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு மாதச் சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் மூன்று மாதம் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தது, கணக்கில் ஒன்றுமில்லை. நான் கேட்காமல் விட்டிருந்தால் என் பங்கோடு முதலாளி பங்கும் போயிருக்கும். தாமதமாகக் கட்டினால் அந்தக் காலத்து இலாப ஈவையும் முதலாளியே கட்ட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தம்பி தன் விஷயத்தை எடுத்தான். கல்லூரியில் படிக்கும் மகன் பகுதிநேர வேலையில் மாதம் 100 வெள்ளி சேமிக்கிறான். "அவன் போடுவதில் பாதியை நானும் தருகிறேன், ஆனால் பத்து வருஷம் கழித்து மொத்தமாக. அப்போதுதான் இடையில் எடுக்க மாட்டான்" என்றான்.

4 விழுக்காட்டில் போட்டுக் காட்டினேன். பத்து ஆண்டு முடிவில் தம்பி மொத்தமாகக் கொடுப்பது 6,000 வெள்ளி. அதே 50ஐ மாதாமாதம் போட்டால் சுமார் 7,360. தம்பியின் கையிலிருந்து போவது இரண்டிலும் 6,000தான். மகனுக்கு 1,360 வெள்ளி வித்தியாசம். இடையில் எடுத்துவிடுவான் என்ற பயத்துக்கு வேறு வழி இருக்கிறது: எடுத்த மாதத்திலிருந்து ஓராண்டுக்குத் தந்தை பங்கு நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தம்பி அப்போதே கைப்பேசியை எடுத்து, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி 50 வெள்ளி தானாகப் போகும்படி வங்கியில் அமைத்துவிட்டான். தம்பி மகள் பிறை வேலையின் கடிதத்தில் கையெழுத்திட்டாள்.