செக்மென்ட் டேபிளில் இருப்பது எந்த முகவரி?

செக்மென்டேஷனைத் தனியாகப் படித்துவிட்டு, அப்புறம் அதோடு பேஜிங்கைச் சேர்க்கும்போது பழைய பழக்கம் ஒன்றும் கூடவே வந்துவிடுகிறது. செக்மென்ட் டேபிளில் முகவரி ஒன்றைக் கண்டதும் ஆஃப்செட்டை அதோடு கூட்டிவிடுகிறோம். மல்டிக்ஸ் வழியில் அமைந்த கணினியில் அப்படிக் கூட்டக் கூடாது. அந்த செக்மென்டுக்கென்றே உள்ள பேஜ் டேபிள் தொடங்கும் இடத்தைத்தான் அந்த முகவரி காட்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செக்மென்ட் 2, ஆஃப்செட் 3500. ஒரு பேஜ் 1024 பைட். செக்மென்ட் டேபிளின் 2ஆம் பதிவில் நீளம் 4000, பேஜ் டேபிளின் முகவரி 6200. பேஜ் டேபிளில் ஒரு பதிவுக்கு 4 பைட்.

```
3500 < 4000
3500 = 3 × 1024 + 428
6200 + 3 × 4 = 6212
9 × 1024 + 428 = 9644
```

6212-இல் இருக்கும் பதிவு ஃபிரேம் 9 என்கிறது. அதிலிருந்து வருவதுதான் கடைசி வரி. பழைய பழக்கத்தில் 6200-ஐயும் 3500-ஐயும் கூட்டியிருந்தால் 9700 வந்திருக்கும். சரியான விடைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சந்தேகமே வராது. மூன்றாவது வரியில் 4-ஆல் பெருக்க மறந்து 6203 என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது முதல் வரி. பேஜ் டேபிளில் பதிவு இருந்தால் போதும், நீளத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆஃப்செட் 4050 என்றால் என்ன ஆகும்? அதுவும் பேஜ் 3-தான், பதிவும் இருக்கிறது. ஆனால் செக்மென்ட் 3999-உடன் முடிந்துவிட்டது. கடைசி பேஜில் 928 பைட்தான் செக்மென்டுக்குச் சொந்தம். மிச்சம் 96 பைட் வெறுமனே கிடக்கிறது. நீளத்தைப் பார்க்காவிட்டால் இந்தத் தவறான அணுகல் பிடிபடாமல் போய்விடும். இதைப் பேஜ் ஃபால்ட்டோடும் குழப்பக் கூடாது. பேஜ் ஃபால்ட் என்றால் பேஜை டிஸ்க்கிலிருந்து கொண்டுவந்து வேலையைத் தொடரலாம். நீளம் மீறினால் கொண்டுவர எதுவுமில்லை, அது புரோகிராமின் பிழை.

சரி, கூட்டுவது எப்போதுமே தவறா? இல்லை. 1985-இல் வந்த இன்டெல் 80386-இல் கூட்டத்தான் வேண்டும். அங்கே செக்மென்டுக்கு ஒரு பேஜ் டேபிள் என்ற ஏற்பாடே கிடையாது. செக்மென்டின் தொடக்க முகவரியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் 32 பிட் லீனியர் முகவரி கிடைக்கும். பேஜாகப் பிரிப்பது அதற்குப் பிறகுதான். பேஜ் அளவு 4096 பைட்.

```
0x00400800 + 0x900 = 0x00401100
```

ஆஃப்செட்டை மட்டும் பிரித்தால் 0x900 பேஜ் 0-இல் விழும். கூட்டியபின் பிரித்தால் பேஜ் எண் 0x401, உள்ளே 0x100. தொடக்க முகவரி பேஜின் நடுவில் இருந்ததால் எல்லையே தள்ளிப்போய்விட்டது. அதனால் கணக்கில் இறங்குமுன், கேள்வியில் தந்திருக்கும் முகவரி பேஜ் டேபிளுடையதா, செக்மென்டின் தொடக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.