பம்பு ஓடியும் பள்ளத்தில் தண்ணீர் இறங்கவில்லை

60 மீட்டர் நீளப் பள்ளம், மணல் நிலம், இருபுறமும் வெல் பாயிண்ட் வரிசை, அதாவது நுனியில் வடிகட்டி உள்ள, பம்போடு இணைத்த உறிஞ்சு குழாய்கள். தண்ணீரை 4 மீட்டர் இறக்க வேண்டும், பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னொரு பம்பு சேர்த்தும் பயனில்லை. அப்புறம் கணக்குப் போட்டோம்:

```
Q = k L (H² − h²) / R
  = 0.0001 × 60 × (7² − 3²) / 70
  ≈ 0.0034 m³/s
```

Q என்பது வெளியேற்ற வேண்டிய நீரோட்டம், k என்பது மணல் நீரை விடும் வேகம், L என்பது பள்ளத்தின் நீளம். H, h என்பவை அடியிலுள்ள களிமண் மேலிருந்து அளந்த பழைய, புதிய நீர்மட்டங்கள். R என்பது பள்ளத்திலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தூரம்வரை நீர்மட்டம் தாழ்கிறது என்பது. மணிக்குச் சுமார் 12 கன மீட்டர்தான். ஒரே பம்பு தாராளமாகப் போதும். ஆனால் வெற்றிட கேஜ் மிகக் குறைவாகக் காட்டியது. எங்கோ காற்று நுழைகிறது. இணைப்புகளில் கசிவு இல்லை. உற்றுப் பார்த்தால், சில வெல் பாயிண்ட்களின் உள்ளே தெரியும் ஹோஸ்களில் தண்ணீர் திக்கித் திக்கி, குமிழியோடு வந்தது, குழாயும் அதிர்ந்தது. அந்த இடங்களில் வடிகட்டியின் தலை நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சியிருக்கிறது. அவற்றின் வால்வுகளை மட்டும், ஓட்டம் சீராகும்வரை மெல்ல மூடினோம். கேஜ் ஏறியது, மறுநாள் பள்ளத்தின் அடி காய்ந்திருந்தது. பெரிய நிம்மதி. மட்டம் இறங்க இறங்க வால்வுகளைத் திரும்பவும் சரிசெய்ய வேண்டியிருந்தது.